குழந்தையின் பிறந்தநாளை எங்கள் உணவகத்தில் கொண்டாட விரும்பும் பெற்றோர் கேட்கும் கேள்விகள்: கேக், அலங்காரம், நேரம், கட்டணம்

திருச்சியில் உள்ள எங்கள் சைவ உணவகத்தின் மாடியில் அறுபது பேர் அமரக்கூடிய குளிரூட்டப்பட்ட ஹால் ஒன்று இருக்கிறது. வார இறுதிகளில் அங்கு நடப்பவை பெரும்பாலும் குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களே. முன்பதிவுக்கு வரும் பெற்றோர் மேலாளரிடம் கேட்கும் கேள்விகளுக்கு, அவர் நேரில் சொல்லும் பதில்களையே இங்கே எழுத்தில் தந்திருக்கிறோம். இதில் குறிப்பிடும் விலைகள் எங்கள் உணவகத்துக்கு மட்டுமே உரியவை.

கேக்கை நாங்களே வெளியிலிருந்து வாங்கி வரலாமா? அதற்குத் தனியாகக் காசு கேட்பீர்களா?

தாராளமாக வாங்கி வரலாம், அதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது. வெளியிலிருந்து வரும் கேக்குக்கு "வெட்டும் கட்டணம்" என்று ஒரு தொகையைச் சில இடங்களில் வசூலிப்பதால் பெற்றோர் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். கத்தி, தட்டு, கரண்டி, பரிமாறும் ஆள் ஆகிய அனைத்தும் நீங்கள் சாப்பாட்டுக்குத் தரும் தொகைக்குள் அடங்கும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

நிபந்தனைகள் இரண்டு உண்டு. முதலாவது, கேக் முட்டை சேர்க்காததாக இருக்க வேண்டும். எங்களுடையது சைவ உணவகம். கேக்கை வைக்கும் குளிர்பெட்டியும் அதை வெட்டும் கத்தியும் மற்ற வாடிக்கையாளர்களின் உணவுக்கும் பயன்படுபவை. நம் நாட்டின் உணவுச் சட்டப்படி முட்டை அசைவமாகவே கருதப்படுகிறது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் கேக்காக இருந்தால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கரியில் சொல்லிச் செய்யும் கேக்கின் வெள்ளை அட்டைப்பெட்டியில் எந்தக் குறியும் இருக்காது என்பதால், பில்லிலேயே "முட்டையில்லாதது" என்று எழுதி வாங்கி வரும்படி கேட்டுக்கொள்கிறோம். கடைக்காரர் வாயால் சொன்னதை மட்டும் நம்பி வந்த ஒரு குடும்பத்தார், பெட்டியைத் திறந்த பிறகு சந்தேகம் வந்து கடைக்குத் தொலைபேசியில் பேசி, கடைசியில் அந்தக் கேக்கைக் காரிலேயே வைத்துவிட்டு எங்கள் கண்ணாடி அலமாரியில் இருந்த அரைக் கிலோ கேக்கை வெட்ட நேர்ந்தது.

இரண்டாவது, கேக் எங்கே செய்யப்பட்டது என்பது தெரிய வேண்டும். வீட்டிலிருந்தபடி கேக் செய்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்களின் ரசீதில் பதினான்கு இலக்கப் பதிவு எண் இருக்கும். தாயோ பாட்டியோ ஆசையாகச் செய்து எடுத்து வரும் கேக்குக்கு இந்தக் கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. உங்கள் குழந்தைக்கு நீங்கள் செய்ததை வேண்டாமென்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை.

நாற்பது பேர் வருவார்கள் என்றால் எத்தனை கிலோ கேக் சொல்ல வேண்டும்?

இரண்டு கிலோ போதும். பேக்கரியில் கேட்டால் ஒரு கிலோவுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு பேர் என்பார்கள். அந்தக் கணக்குப்படி நாற்பது பேருக்கு நான்கு கிலோ வரையில் ஆகும். கேக்கை மட்டும் தட்டில் வைத்துத் தரும் விருந்துக்கு அந்தக் கணக்கு சரியானதுதான். கேக் வெட்டிய அரை மணி நேரத்தில் சாப்பாடு தொடங்குகிற விழாவில் ஒருவருக்கு ஐம்பது கிராம் துண்டே அளவாக இருக்கும். அதற்கு மேல் வைத்தால் தட்டிலேயே மிஞ்சுகிறது. இரண்டு கிலோவை இப்படி நாற்பது துண்டுகளாகப் போடலாம்.

எடையைப் போலவே வடிவத்தையும் கவனியுங்கள். உயரமான, குறுகிய வட்டக் கேக் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அதிலிருந்து ஐம்பது கிராம் துண்டு போட்டால் அது காகிதம் போல மெலிந்து தட்டில் சரிந்துவிடும். ஆட்கள் அதிகம் என்றால் தட்டையான சதுர வடிவத்தில் சொல்லுங்கள். இரண்டு அடுக்குக் கேக்தான் வேண்டும் என்று விரும்பினால், அடி அடுக்கு உண்மையான கேக்தானா, அல்லது மேலே கிரீம் பூசிய போலி அடுக்கா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். அடியில் கத்தி இறங்காமல் நின்று, விருந்தினர் முன்னிலையில் பெற்றோர் சங்கடப்பட்டதைப் பார்த்திருக்கிறோம்.

கேக்கைக் காலையிலேயே கொண்டுவந்து வைத்துவிடலாமா?

எங்கள் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்கிறோம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் எந்தக் கேக் என்பதைச் சொல்லிவிட்டு வையுங்கள். கிரீம் கேக்காக இருந்தால் வெட்டுவதற்கு இருபது நிமிடம் முன்பு வரை குளிரிலேயே இருக்க வேண்டும். மே மாதத்துத் திருச்சி வெயிலில் காரின் பின் இருக்கையில் முக்கால் மணி நேரம் பயணம் செய்த கிரீம் கேக், இங்கே வந்து சேரும்போது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதை எங்களால் சரிசெய்ய முடியாது.

சர்க்கரை மாவைத் தாளாகத் தேய்த்து மேலே போர்த்தும் ஃபாண்டன்ட் கேக்குக்கு நேர்மாறான கவனம் தேவை. குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து முத்து முத்தாக வியர்க்கும். கறுப்பு, சிவப்பு வண்ணங்கள் பக்கத்து வண்ணத்தில் கசியும். குழந்தையின் புகைப்படத்தை அச்சிட்ட கேக்கிலும் இதே தொல்லை உண்டு. குழந்தையின் முகத்திலிருந்து நிறம் வழிவதைப் பார்க்கப் பாட்டிமார்களுக்குப் பிடிப்பதில்லை. இத்தகைய கேக்குகளை விழா நடக்கும் மாலையில், குளிரூட்டப்பட்ட ஹாலுக்கே நேராகக் கொண்டுவருவது நல்லது.

கேக்கின் மேல் பொம்மை, மின்னும் மெழுகுவர்த்தி எல்லாம் வைக்கலாம் அல்லவா?

பொம்மை வைக்கலாம். வெட்டுவதற்கு முன் எங்கள் பணியாளர் அவற்றை எண்ணி எடுத்து உங்களிடமே தந்துவிடுவார். சர்க்கரைப் பொம்மைகள் விழாமல் நிற்க உள்ளே பல்குச்சியோ கம்பியோ செருகியிருப்பார்கள்; பொம்மையை எடுத்த பிறகும் குச்சி கேக்கில் தங்கிவிடுவதுண்டு. எத்தனை செருகப்பட்டிருக்கிறது என்று பேக்கரியில் கேட்டுச் சொன்னால், அந்த எண்ணிக்கை சரியாக வந்த பிறகே துண்டு போடுவோம்.

பூத்திரி போலப் பொறி பறக்கும் மெழுகுவர்த்திக்கு அனுமதியில்லை. அதன் பொறி அடங்கும்போது சாம்பல் கேக்கின் மேல்தான் விழுகிறது. காகிதத் தோரணமும் பலூனும் அருகிலேயே தொங்குகின்றன. சாதாரண மெழுகுவர்த்திக்குத் தடையில்லை. ஊதி அணைப்பதால் கேக்கில் எச்சில் படும் என்று தயங்குவோர், மெழுகுவர்த்தியை ஒரு சிறிய கப் கேக்கின் மேல் வைத்துக் குழந்தையை ஊதச் செய்துவிட்டு, பெரிய கேக்கைத் தனியே வெட்டுகிறார்கள். விளக்கை ஊதி அணைப்பது ஆகாது என்று கருதும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் சொன்னால் மேடையில் குத்துவிளக்கை எண்ணெய், திரியோடு வைத்துத் தருகிறோம். குழந்தையின் கையைப் பிடித்து விளக்கேற்றிவிட்டுப் பிறகு கேக் வெட்டுகிறார்கள். இது விழாவுக்கு அழகாகவே அமைகிறது.

என் மகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. உங்கள் கேக் பாதுகாப்பானதா?

வேர்க்கடலை சேர்க்காமல் செய்து தர முடியும். ஆனால் வேர்க்கடலையே படாத கேக் என்று உறுதி தர முடியாது. எங்கள் அடுக்களையில் சட்னிக்கு வேர்க்கடலையும், இனிப்புக்கு முந்திரியும் பாதாமும் நாள்தோறும் அரைபடுகின்றன. மேடைகளும் பாத்திரங்களும் பொதுவானவை. சிறிதளவு பட்டாலே மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால், நீங்கள் நம்பும் இடத்திலிருந்து கேக்கையும் அந்தக் குழந்தைக்கான உணவையும் கொண்டுவருவதே சரி. அதற்கு இடமும் தனித் தட்டும் தருகிறோம். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள்.

அலங்காரத்துக்கு எங்கள் ஆளையே அழைத்து வரலாமா?

அழைத்து வரலாம். ஹாலுக்குத் தனியாக எதுவும் கேட்பதில்லை. ஆனால் அவர் எதை எடுத்து வரலாம், எதை எடுத்து வரக்கூடாது என்பதை முன்பே தெரிந்துகொண்டு வந்தால், விழாவன்று வாசலில் வாக்குவாதம் வராது.

பெயரெழுத்துகளையும் எண்களையும் தெர்மாகோலில் வெட்டி எடுத்து வருவது நெடுநாள் வழக்கம். அலங்காரத்துக்கான தெர்மாகோலும், பலூன்களுக்கான பிளாஸ்டிக் குச்சிகளும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. மாநகராட்சி ஆய்வுக்கு வந்தால் அபராதம் உணவகத்தின் மேல்தான் விழும்; எனவே இவற்றை உள்ளே எடுத்து வர விடுவதில்லை. தடித்த அட்டை, துணி, பூ, காகிதம் ஆகியவற்றில் செய்தால் பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது.

காற்று நிரப்பிய பலூன் வளைவுக்குத் தடையில்லை. மேலே பறந்து கூரையைத் தொட்டு நிற்கும் பலூன்கள் வேண்டுமென்றால், அவற்றில் ஹீலியம் மட்டுமே நிரப்பியிருக்க வேண்டும். திருவிழாக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் எரிவாயுப் பலூன்களில் ஹைட்ரஜன் இருக்கக்கூடும். மெழுகுவர்த்தியின் அருகே அது வெடித்தால் முகத்தில் தீப்பற்றும். பலூன்காரரின் வாய்மொழி எங்களுக்குப் போதாது. உருளையின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே அனுமதிக்கிறோம். ஹீலியம் நிரப்பிய சாதாரண ரப்பர் பலூன் அரை நாளுக்குள் தளர்ந்து இறங்கத் தொடங்கும். எனவே மாலை விழாவுக்கான பலூன்களைக் காலையிலேயே நிரப்பி வாங்கி வராதீர்கள்.

சுவரில் ஆணியோ ஒட்டுநாடாவோ கூடாது. மேடையின் பின்னால் பொருத்திய இரும்புச் சட்டத்திலும், கூரையின் கொக்கிகளிலும் மட்டுமே கட்ட வேண்டும். ஒட்டுநாடாவோடு சுவர்ப்பூச்சும் உரிந்து வந்தால் பூசும் செலவை உங்களிடம் கேட்க நேரும். அலங்காரக்காரர் அதற்குள் கிளம்பிப் போயிருப்பார்.

பனி போலத் தெறிக்கும் ஸ்பிரேயைக் குழந்தைகள் ரொம்பக் கேட்கிறார்கள். அதற்கும் தடையா?

ஆம், தடைதான். அந்தக் குப்பியில் நுரையைத் தள்ளும் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. குப்பியின் மேலேயே அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். மெழுகுவர்த்தி எரியும் அதே நொடியில்தான் எல்லோரும் அதைத் தெளிக்கிறார்கள். இது தவிர, நுரை விழுந்த தரையில் வழுக்கும். கேக்கிலும் கண்ணிலும் படும். காகிதத் துகள்களை வெடித்துத் தூவும் குழலை, கேக்கும் உணவு மேசையும் மூடியிருக்கும்போது ஒரே ஒருமுறை வெடிக்க அனுமதி உண்டு.

உடைந்த பலூன் துண்டுகளைப் பற்றியும் ஒரு சொல். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் அவற்றை வாயில் போட்டுக்கொள்வார்கள்; ஈர ரப்பர் தொண்டையை அடைத்துக்கொண்டால் வெளியே எடுப்பது மிகக் கடினம். பலூன் உடையும் சத்தம் கேட்டால் துண்டைப் பொறுக்குவதற்கென்றே ஒரு பணியாளரை நிறுத்துகிறோம். விழா முடிந்ததும் பலூன்களைப் பிய்த்து உடைக்கும் விளையாட்டை நாங்கள் தடுத்தால் தயவுசெய்து கோபிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேக் வெட்ட முடியுமா?

ஹால் உங்களுக்கு ஆறு மணிக்குத்தான் கிடைக்கும். வேறு கிழமைகளில் ஐந்தரைக்குத் தருகிறோம். ஞாயிறன்று மாலை 4.30 முதல் 6.00 வரை இராகுகாலம் என்பதால், ஐந்து மணிக்கு முன்பதிவு செய்தவர்கள்கூட வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பிறகு ஆறு மணியாக மாற்றிக்கொண்டார்கள். சில ஆண்டுகள் இப்படி நடந்த பின், நேரத்தையே ஆறிலிருந்து ஒன்பது என்று வைத்துவிட்டோம். காலண்டரில் போட்டிருக்கும் பகல் இராகுகாலமும் எமகண்டமும் எந்தக் கிழமையிலும் மாலை ஆறுக்கு மேல் வருவதில்லை.

மதிய விழாவில்தான் சிக்கல் அதிகம். ஞாயிறு 12.00 முதல் 1.30 வரை எமகண்டம், புதன்கிழமை அதே நேரத்தில் இராகுகாலம். ஒன்றரைக்குப் பிறகு வெட்டலாம் என்று வைத்தால் குழந்தைகள் பசியில் அழத் தொடங்குவார்கள். அதனால் மதிய விழாவுக்கு ஹாலை 11.15-க்கே திறந்து தருகிறோம். நெருங்கிய உறவினர் மட்டும் கூடியிருக்க, பன்னிரண்டுக்குள் கேக் வெட்டிவிட்டால், மற்றவர்கள் நேராகச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம். நேரம் பார்க்கும் வழக்கம் இல்லாதவர்கள் முன்பதிவின்போதே அதைச் சொல்லிவிட்டால், அவர்களுக்கு வசதியான நேரத்தை அமைத்துத் தருவோம்.

அழைப்பிதழில் எந்த நேரத்தைப் போடுவது?

மூன்று மணி நேரமும் இந்த ஒன்றைப் பொறுத்தே சீராகவோ குழப்பமாகவோ போகிறது. "மாலை 6 மணி முதல்" என்று போட்டால் பெரும்பாலோர் ஏழரைக்குத்தான் வருவார்கள். ஆறு மணிக்கே வந்துவிட்ட நான்கு குடும்பங்களின் குழந்தைகள் அதற்குள் ஓடியாடிக் களைத்திருப்பார்கள். ஆகவே அழைப்பிதழில் "கேக் வெட்டுதல் 7.00 மணி, இரவு உணவு 7.30 மணி முதல்" என்று இரண்டு நேரத்தையும் எழுதுங்கள். கேக் ஏழு மணிக்கு என்று படித்தவர் ஆறே முக்காலுக்கு வந்து நிற்கிறார்.

குழந்தையின் தூக்க நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு வயதுக் குழந்தை ஏழரைக்கு மேல் விழித்திருப்பதே அபூர்வம். தாய்மாமன் வண்டி வந்துகொண்டிருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் என்று மூன்று முறை தள்ளிப்போட்டு, கடைசியில் தூங்கிவிட்ட குழந்தையின் கையில் கத்தியைப் பிடித்து வைத்துப் படம் எடுத்த விழாக்கள் இங்கே பல நடந்திருக்கின்றன. வெளியூரிலிருந்து வருபவர் இல்லாமல் வெட்ட மனமில்லை என்றால், ஏழு மணிக்குச் சிறிய கேக்கை வெட்டிவிட்டு, அவர் வந்ததும் பெரிய கேக்கை வெட்டலாம்.

அலங்காரம் செய்ய எத்தனை மணிக்கு உள்ளே வரலாம்?

மாலை விழாவுக்கு நான்கு மணிக்கு. மதிய விழா மூன்றுக்கு முடிந்து, நாங்கள் துடைத்துச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். ஒரு பலூன் வளைவுக்கு இரண்டு ஆட்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மேடை முழுவதும் பூவும் திரையும் என்றால் மூன்று பேர் வர வேண்டும்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

ஹாலுக்கு வாடகை கிடையாது. குறைந்தது முப்பது பேர் சாப்பாட்டுக்கு நீங்கள் உறுதி தர வேண்டும். பஃபே முறையில் பெரியவர் ஒருவருக்கு 450 ரூபாய், ஐந்து முதல் பத்து வயதுள்ளவர்களுக்கு 250 ரூபாய், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. எண்ணிக்கையை மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். சொன்னதைவிடக் குறைவாக வந்தாலும் சொன்ன எண்ணிக்கைக்கே பில் வரும். கூடுதலாக வந்தால் எடுத்த தட்டுகளை எண்ணிச் சேர்ப்போம். பெரிய சர்ச்சை எழுவது இந்த இடத்தில்தான் என்பதால், தட்டு அடுக்கும்போதும் விழா முடிந்த பிறகும் எண்ணுவதை உங்கள் வீட்டார் ஒருவர் அருகில் நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சாப்பாட்டுக்கு அழைத்த ஓட்டுநரும் புகைப்படக்காரரும் அந்த எண்ணிக்கையில் சேருவார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எண்ணிக்கையைச் சொல்லும்போது வரக்கூடியவர்களில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துச் சொல்வது உங்களுக்கு நல்லது. நான்கைந்து பேருக்கான கூடுதல் உணவை நாங்கள் எப்போதும் வைத்திருப்போம்.

ஜிஎஸ்டி எல்லாவற்றுக்கும் ஒரே விகிதமா? சர்வீஸ் சார்ஜ் உண்டா?

சாப்பாட்டுக்கும் எங்கள் மூலம் வாங்கும் கேக்குக்கும் 5 சதவீதம். அலங்காரத்தை எங்களிடம் ஒப்படைத்தால் அதற்கு 18 சதவீதம்; கூடுதல் நேரத்துக்கான ஹால் கட்டணத்துக்கும் அதே 18. எனவே "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று வாயால் சொல்லும் தொகையை, எங்களிடமானாலும் வேறெங்கானாலும், வரி சேர்த்ததா சேர்க்காததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் நாங்கள் போடுவதில்லை. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பரிமாறிய பிள்ளைகளுக்கு நீங்களாக விரும்பிக் கொடுப்பது வேறு விஷயம்.

ஒரு விழாவின் முழு பில்லையும் உதாரணமாகக் காட்ட முடியுமா?

மூன்று வயதுச் சிறுவனுக்கு ஞாயிறு மாலை நடந்த விழா என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் உறுதி தந்தது 28 பெரியவர்களுக்கும் 12 சிறுவர்களுக்கும். பெரியவர்களுக்கு 12,600 ரூபாய், சிறுவர்களுக்கு 3,000 ரூபாய், ஆக 15,600. விழாவன்று தட்டை எண்ணியபோது பெரியவர்கள் நால்வர் கூடுதல், அதற்கு 1,800. இரண்டு கிலோ முட்டையில்லா கேக்கை எங்களிடமே சொன்னதால் 2,000. இம்மூன்றும் சேர்ந்து 19,400 ரூபாய். 5 சதவீத வரி 970 ரூபாயோடு 20,370.

அலங்காரத்தையும் எங்களிடமே விட்டிருந்தார்கள்: 4,500 ரூபாய், 18 சதவீத வரி 810, ஆக 5,310. கேக் வெட்டுவது முக்கால் மணி நேரம் தள்ளிப்போனதால் சாப்பாடும் தள்ளி, ஒன்பதுக்குக் காலி செய்ய வேண்டிய ஹாலில் ஒன்பதரை வரை இருந்தார்கள். கூடுதல் அரை மணிக்கு 1,000 ரூபாய், வரி 180, ஆக 1,180. மொத்தம் 26,860 ரூபாய். முன்பணமாகத் தந்த 5,000 ரூபாயைக் கழித்து, அன்றிரவு செலுத்தியது 21,860.

இதில் திட்டமிட்டுக் குறைத்திருக்கக்கூடியது அந்த 1,180 ரூபாய் மட்டுமே. ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் முன்பு பணியாளர் வந்து நினைவூட்டுவார். அவர் துரத்துவதாக எண்ண வேண்டாம். ஒன்பதேகால் வரை கட்டணம் எதுவும் சேர்க்க மாட்டோம்.

தேதியை மாற்றினாலோ ரத்து செய்தாலோ முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

ஏழு நாள் முன்னதாகச் சொன்னால் முழுத் தொகையும் கிடைக்கும். அதற்குப் பிறகு சொன்னால் பாதி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கடைசி நாளில் சொன்னாலும் முன்பணத்தை வைத்துக்கொள்வதில்லை. வேறொரு தேதிக்கு அப்படியே மாற்றித் தருகிறோம். அன்றைக்கென்று செய்து முடித்த கேக்கின் விலையை மட்டும் நீங்கள் ஏற்க வேண்டும், கேக்கை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம்.

மிஞ்சிய சாப்பாட்டைப் பார்சல் கட்டித் தருவீர்களா?

கேக்கை ஒரு துண்டும் விடாமல் கட்டித் தருகிறோம். பஃபேயில் இரண்டு மணி நேரம் திறந்து வைத்த உணவைக் கட்டுவதில்லை. அதை இரவு வீட்டில் வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டு யாருக்கேனும் வயிறு கெட்டால், பழி உங்களைத் தேடியும் எங்களைத் தேடியும் வரும். சாப்பிட வர முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால் விழா தொடங்கும்போதே சொல்லுங்கள். ஒரு தட்டுக் கணக்கில், அடுக்களையிலிருந்து சூடாகத் தனியே கட்டித் தருகிறோம்.

முன்பதிவுக்கு வரும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

தேதி, கேக் வெட்டும் நேரம், குழந்தையின் பெயரை எப்படி எழுதுவது என்பது, கேக் யாருடையது, அலங்காரம் யாருடையது, ஒவ்வாமை உள்ள குழந்தை யாரேனும் வருகிறார்களா என்பது. பெயரைத் தயவுசெய்து உங்கள் கையாலேயே படிவத்தில் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டு எழுதி, "தர்ஷினி" கேக்கின் மேல் "தர்ஷிணி" ஆன கதை எங்களுக்கு உண்டு. இவற்றையெல்லாம் குறித்து, கட்டணத்தையும் வரியையும் தனித்தனியே எழுதிய தாளில் நாங்கள் கையெழுத்திட்டுத் தந்த பிறகே முன்பணத்தைக் கொடுங்கள்.